பாப்பாவை யார் பார்த்துக்குவாங்க? – காப்பகச் சேர்க்கை அறிவிப்பை எழுதவும் படிக்கவும்

“அன்பான சூழல்! பாதுகாப்பான இடம்! அனுபவமிக்க பணியாளர்கள்! சத்தான உணவு! சிசிடிவி வசதி! சேர்க்கை நடைபெறுகிறது, இடங்கள் சில மட்டுமே! முந்துங்கள்!”

ஜூன் மாதம் நெருங்கும்போது நம் எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் இப்படி ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். கீழே ஒரு கைபேசி எண் இருக்கும். அந்த எண்ணுக்குப் போன் செய்கிற அம்மா என்ன கேட்கிறார்?

“ஏனுங்க, எத்தனை மணி வரைக்கும் வெச்சிருப்பீங்க?” “ஒருத்தருக்கு எத்தனை குழந்தைங்க?” “வேற யாராச்சும் வந்து கேட்டா அனுப்பிடுவீங்களா?” “பாப்பா சோறு சாப்பிடலைன்னா?”

மேலே உள்ள அறிவிப்பில் இவற்றுக்குப் பதில் இல்லை. அதில் இருப்பவை ஆச்சரியக்குறிகள். காப்பகம் நடத்துபவர் ஒரே பதிலை நாளுக்கு இருபது முறை சொல்லிச் சோர்கிறார். பெற்றோரோ நான்கு காப்பகங்களின் அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியாமல் விழிக்கிறார். சிறிய காப்பகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சேர்க்கை அறிவிப்பை வரிவரியாகத் திருத்திப் பார்ப்போம். காப்பகம் நடத்துபவர்கள் இதை எழுதும் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். குழந்தையைச் சேர்க்கப் போகிறவர்கள் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

இடம் திருப்பூர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் பனியன் கம்பெனிகள் உள்ள ஒரு தெருவில், தரைத்தளத்தில் வாடகை வீடு. 24 குழந்தைகள். அவர்களில் 14 பேர் 3 வயதுக்குக் கீழ், 10 பேர் அதற்கு மேல். நடத்துபவர் அந்தத் தெருவில் எல்லோருக்கும் ‘அக்கா’. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நான்கு பெண்கள், சமையலுக்கு ஒருவர், கூட்டித் துடைக்க ஒருவர்.

முதலில் நேரம்

அக்கா முதலில் எழுதியது “காலை 8 முதல் மாலை 7 வரை” என்றுதான். பார்க்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் திருப்பூரில் அது போதாது.

பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் பொதுவாகக் காலை 8.30-க்குத் தொடங்கி மாலை 5.30-க்கு முடியும். ஆர்டர் நெருக்கும் நாட்களில் ‘ஒன்றரை ஷிப்ட்’, அதாவது இரவு 8.30 வரை வேலை. ஒன்றரை ஷிப்ட் என்பது பல சமயம் அன்று மதியம்தான் தெரியவரும். சனிக்கிழமை வாரச் சம்பள நாள். சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப இன்னும் தாமதமாகும். ஆகவே “7 மணி வரை” என்று படித்த உடனே அம்மாவின் மனதில் அடுத்த கேள்வி எழுகிறது: “7 மணிக்கு நான் வரலைன்னா?”

அறிவிப்பு பதில் சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான். பெரும்பாலான காப்பகங்கள் இதை எழுதாமல் விடுகின்றன. “கொஞ்சம் முன்னே பின்னே ஆனா பார்த்துக்கலாங்க” என்று வாயால் சொல்லிவிட்டுச் சேர்க்கையை முடித்துவிடுவார்கள். பிறகு என்ன ஆகிறது? 7 மணிக்குப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீந்த இரண்டு குழந்தைகளை அக்கா தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவருக்கு வேலை இருக்கும். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அந்தப் பக்கத்து வீட்டை எந்தப் பெற்றோரும் பார்த்ததில்லை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் குழந்தை முன்பின் தெரியாதவர் கையில் இருக்கிறது.

எனவே அக்கா இப்படி மாற்றி எழுதினார்: “மாலை 7.00-க்கு மூடுகிறோம். 7.30 வரை இருவர் இருப்போம். அதற்குத் தாமதக் கட்டணம் 50 ரூபாய். 7.30-க்கு மேல் வைத்துக்கொள்ள எங்களால் முடியாது. ஒன்றரை ஷிப்ட் போகும் அம்மாக்கள், 7.30-க்குள் குழந்தையை அழைத்துப் போக வீட்டில் ஒருவர் இருந்தால் மட்டும் சேருங்கள்.”

கடைசி வரி சில சேர்க்கைகளைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வரி இல்லாமல் சேர்ந்த அம்மா, இரவு 8 மணிக்குத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பார். முடியாததை முன்கூட்டியே சொல்லிவிடும் காப்பகத்தை நம்பலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

விடுமுறை நாட்களையும் நேரத்தோடு சேர்த்தே எழுதிவிடுவது நல்லது. கம்பெனி விடுமுறையும் அரசு விடுமுறையும் எப்போதும் ஒரே நாளில் வருவதில்லை. காப்பகம் எதைப் பின்பற்றுகிறது என்று ஒரு வரி போதும்.

இடையில் பெற்றோருக்கு ஒரு செய்தி. மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-இல் கொண்டுவந்த திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. வெளியே காப்பகம் தேடுவதற்கு முன்னால், உங்கள் கம்பெனியில் இந்த வசதி எங்கே என்று ஒரு முறை கேளுங்கள்.

“6 பணியாளர்கள்” என்றால் எத்தனை பேர்?

அக்காவின் பழைய அறிவிப்பில் “24 குழந்தைகளுக்கு 6 பணியாளர்கள்” என்று இருந்தது. நான்கு குழந்தைக்கு ஒருவர் என்று பெற்றோர் மனக்கணக்குப் போடுவார்கள். ஆனால் அப்படி ஒரு நேரம் அந்தக் காப்பகத்தில் வருவதே இல்லை.

ஆறு பேரில் ஒருவர் சமையலறையில் இருப்பார், ஒருவர் துடைப்பத்தோடு இருப்பார். மீதி நான்கு பேரில் இருவர் காலை 8 முதல் 5 வரை, இருவர் 10 முதல் 7 வரை என்று அக்கா பிரித்திருந்தார். 8.30 ஷிப்டுக்குப் போகும் அம்மாக்கள் 8.15-க்குள் குழந்தைகளை விட்டுவிடுவார்கள். ஆகவே 8.15 முதல் 10 மணி வரை 24 குழந்தைகளுக்கு இரண்டே பேர். பிள்ளைகள் அம்மாவைத் தேடி அழும் நேரமும் அதுதான்! மாலை 5 மணிக்கு முதல் இருவர் கிளம்பியதும் மறுபடி இரண்டே பேர். ஷிப்ட் முடிந்து அம்மாக்கள் வந்துசேர 6 மணி ஆகிவிடும்.

எத்தனை பேர் இருந்தால் சரி? மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பணியிடக் காப்பகங்களுக்காக 2018-இல் வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டு நெறிமுறைகளில், 3 வயதுக்குக் கீழ் 10 குழந்தைகளுக்கு ஒருவர், 3 வயதுக்கு மேல் 20 குழந்தைகளுக்கு ஒருவர் என்று ஓர் அளவு இருக்கிறது. தெருவில் நடக்கும் தனியார் காப்பகத்துக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அக்காவிடம் உள்ள 14 சின்னக் குழந்தைகளுக்கு இருவர், 10 பெரிய குழந்தைகளுக்கு ஒருவர். எப்போதும் மூன்று பேர் வேண்டும். தவழாத கைக்குழந்தைகள் அதிகம் இருந்தால் இதுவும் பற்றாது. ஒருவர் இரண்டு கையில் எத்தனை பேரைத் தூக்க முடியும்?

அக்கா புது ஆள் தேடுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் போட்டார். மூன்று பேர் காலை 8 முதல் 5 வரை, நான்காமவர் 10 முதல் 7 வரை. அந்த நான்காமவர் 12 முதல் 3 வரை மற்ற மூவரையும் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிட அனுப்பிவிட்டு, 3 மணிக்குத் தான் போய்ச் சாப்பிடுவார். இப்படிச் செய்ததில் 5 மணி வரை எந்த நேரத்திலும் மூவருக்குக் குறையவில்லை. 5 மணிக்கு மேல்தான் ஓட்டை. அதற்கு அதே தெருவில் இரண்டு பெண்களை மாலை 4.30 முதல் 7 வரை பகுதி நேரமாகச் சேர்த்தார். 7 முதல் 7.30 வரை மிச்சமிருக்கும் குழந்தைகளோடு அவர்களில் ஒருவரும் அக்காவும் இருப்பார்கள். இரண்டு சம்பளம் கூடியதால் மாதக் கட்டணமும் கொஞ்சம் கூடியது. அதை மறைக்காமல் அறிவிப்பிலேயே போட்டார்.

இப்போது அவர் எழுதும் வரி: “குழந்தைகள் இருக்கும் 8.15 முதல் 6 மணி வரை எந்த நேரத்தில் வந்து பார்த்தாலும் மூன்று பேருக்குக் குறையாமல் குழந்தைகளோடு இருப்பார்கள். சமையல்காரர் இந்தக் கணக்கில் இல்லை.” இந்த வரியைப் பெற்றோர் சோதித்துப் பார்க்க முடியும். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலேயே இருக்கிறது. ‘மொத்தம் எத்தனை பேர்’ என்று கேட்காதீர்கள். ‘காலை எட்டரைக்கு எத்தனை பேர், சாயங்காலம் ஐந்தரைக்கு எத்தனை பேர்’ என்று கேளுங்கள்.

பணியாளர்களின் பின்னணி பற்றி: தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சேவைகளில், வேலைக்கு வைப்பவர்களைப் பற்றிக் காவல் சரிபார்ப்பு கேட்டு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்திருந்தால் “எல்லாப் பணியாளர்களுக்கும் காவல் சரிபார்ப்பு முடிந்தது, நேரில் வந்தால் சான்றைக் காட்டுகிறோம்” என்று எழுதலாம். நேரில் காட்டினால் போதும். நம்பிக்கை ஏற்படுத்துகிறேன் என்று பணியாளரின் ஆதார் நகலைக் குரூப்பில் போடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கும் தனியுரிமை உண்டு. இன்னொன்று, காவல் சரிபார்ப்பு சொல்வது பதிவான வழக்கு உண்டா இல்லையா என்பதை மட்டுமே. அந்தச் சான்று இருக்கிறது என்பதற்காக ஒரு புது ஆளைக் குழந்தைகளோடு தனியாக விட்டுவிட முடியாது.

“சிசிடிவி இருக்குதுங்க!”

பாதுகாப்பு என்றாலே கேமராவைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், நடக்காமல் தடுக்காது. எந்த அறைகளில் இருக்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று எழுதினால் அது தகவல். உடை மாற்றும் இடத்திலும் கழிப்பறையிலும் கேமரா கூடாது என்பதையும் எழுத வேண்டும். சில காப்பகங்கள் நேரலை இணைப்பையே எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்துவிடுகின்றன. ஒருவரிடமிருந்து கடவுச்சொல் வெளியே போனால் 24 குழந்தைகளையும் யாரோ வீட்டிலிருந்தபடி பார்ப்பார்கள். அதைவிட, ‘எந்த நேரமும் சொல்லாமல் வந்து பார்க்கலாம்’ என்ற ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

பெற்றோரின் பெரிய பயம் வாசலில்தான் இருக்கிறது: குழந்தை யார் கையில் போகிறது? சேர்க்கும்போதே, அழைத்துப் போகக்கூடிய இரண்டு அல்லது மூன்று பேரின் பெயர், படம், கைபேசி எண் வாங்கிவிட வேண்டும். பட்டியலில் இல்லாதவர் வந்தால், அவர் சொல்லும் எண்ணுக்குப் போன் செய்யக் கூடாது. பதிவேட்டில் உள்ள அம்மாவின் எண்ணுக்குத்தான் செய்ய வேண்டும். “நான் பாப்பாவோட சித்தப்பாங்க, அவங்கம்மா இந்தா லைன்ல இருக்காங்க” என்று போனை நீட்டினால் வாங்கவே வேண்டாம். அம்மா எடுக்கவில்லை என்றால் குழந்தை உள்ளேயே இருக்கும். வந்தவர் உண்மையிலேயே சித்தப்பாவாக இருந்து கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கட்டடம் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல்கூடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குப் பரவியது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்ட தலைமுறை இன்றும் பேரக் குழந்தையை விட வரும்போது கூரையை அண்ணாந்து பார்க்கிறது. ஆகவே, கூரை என்ன, கேஸ் சிலிண்டர் எங்கே, குழந்தைகள் தூங்கும் அறையிலிருந்து வெளியேற எத்தனை வழி என்று எழுதுங்கள். நம் ஊர் வீடுகளுக்கே உரிய இன்னோர் ஆபத்து தண்ணீர்த் தொட்டி. வாசலில் உள்ள நிலத்தடித் தொட்டியின் மூடி கனமானதா, பூட்டு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். குளியலறையில் பாதி நிரம்பிய வாளிகூடத் தவழும் குழந்தைக்கு ஆபத்துதான்.

குழந்தைக்கு யாராவது தீங்கு செய்ததாகச் சந்தேகம் வந்தால் அதை ‘உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்க’ காப்பகத்துக்கு உரிமை இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றத்தைப் பற்றித் தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவதே தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098. அறிவிப்பின் அடியில் இந்த எண்ணைப் போடும் காப்பகம், எங்களைப் பற்றியும் நீங்கள் புகார் சொல்லலாம் என்று சொல்கிறது.

படங்கள் பற்றி ஒரு வார்த்தை. சேர்க்கை அறிவிப்புக்குப் பிள்ளைகள் சிரிக்கும் படம் போட ஆசையாக இருக்கும். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். காலி அறை, பாய்கள், விளையாட்டுச் சாமான், சமையலறை இவற்றின் படமே போதும். பெற்றோர் பார்க்க விரும்புவதும் அவற்றைத்தான்.

சாப்பாடு

வாரப் பட்டியல் எல்லாரும் போடுகிறார்கள்: திங்கள் பருப்புச் சாதம், செவ்வாய் காய்கறி கிச்சடி என்று. அது நல்லதுதான். ஆனால் அம்மாவின் கவலை “சாப்பிட்டாளா?” என்பது. அக்கா சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு நேராக முழுவதும், பாதி, சாப்பிடவில்லை என்று மதியமே குறித்துவிடுவார்கள். சாயங்காலம் அழைக்க வரும் பாட்டிகூடப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்பலாமா, முட்டை கொடுப்பார்களா, ஒவ்வாமை இருந்தால் எங்கே எழுதி வைப்பார்கள், குடிதண்ணீர் காய்ச்சியதா கேனா என்பவற்றை ஒவ்வொரு வரியில் சொல்லிவிடலாம். கொடுக்காதவற்றையும் எழுதுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடினமான முறுக்கு கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுக்கலாம். சமைப்பவருக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இருந்தால் அந்த 14 இலக்க எண்ணை அறிவிப்பிலேயே போடுங்கள். FoSCoS இணையதளத்தில் யாரும் அதைத் தேடிப் பார்க்கலாம்.

திருத்திய அறிவிப்பு

வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி பாதியில் மடங்கிவிடும். ஆகவே நேரமும் வயதும் மேலே வர வேண்டும். அக்காவின் அறிவிப்பு கடைசியில் இப்படி நின்றது:

“குழந்தைகள் காப்பகச் சேர்க்கை. 1 வயது முதல் 5 வயது வரை. திங்கள் முதல் சனி வரை, காலை 8.00 – மாலை 7.00. 7.30 வரை தாமதக் கட்டணம் 50 ரூபாய்; அதற்கு மேல் முடியாது. ஞாயிறும் கம்பெனி பண்டிகை விடுமுறையும் எங்களுக்கும் விடுமுறை.

மொத்தம் 24 குழந்தைகள் மட்டும். 8.15 முதல் 6 மணி வரை மூவருக்குக் குறையாமல் குழந்தைகளோடு இருப்பார்கள். காவல் சரிபார்ப்பு முடிந்தது, நேரில் காட்டுவோம்.

நீங்கள் பதிவு செய்த நபர்களிடம் மட்டுமே குழந்தையை அனுப்புவோம். தரைத்தளம், கான்கிரீட் கூரை, இரண்டு வழிகள், தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு. எந்த நேரமும் வந்து பார்க்கலாம்.

மதிய உணவும் மாலைச் சிற்றுண்டியும் இங்கேயே. வீட்டுச் சாப்பாடும் கொடுக்கலாம். காய்ச்சல் இருந்தால் அன்று வேண்டாம். இடையில் காய்ச்சல் வந்தால் போன் செய்வோம், ஒருவர் வந்து அழைத்துப் போக வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து கொடுக்க மாட்டோம்.

மாதம் 4,000 ரூபாய். இந்த வாரம் காலியிடம் 3. குழந்தைகள் உதவி எண் 1098.”

காய்ச்சல் பற்றிய வரிக்குப் பெற்றோரிடமிருந்து முணுமுணுப்பு வரத்தான் செய்தது. “லீவு தர மாட்டாங்களே” என்பார்கள். அவர்கள் கஷ்டம் நியாயமானது. ஆனால் ஒரு குழந்தைக்கு வந்தால் அந்த வாரமே பத்துக் குழந்தைகளுக்கு வரும்.

இதே அறிவிப்பை அக்கா இந்தி தெரிந்த ஒரு பணியாளரைக் கொண்டு குரல் பதிவாகவும் போட்டார். வட மாநிலங்களிலிருந்து வந்து அதே கம்பெனிகளில் வேலை செய்யும் அம்மாக்கள் தமிழில் எழுதியதைப் படிக்க முடியாது.

அறிவிப்பில் எழுதி முடியாத கேள்வி ஒன்று உண்டு: “பாப்பா அழுதா என்ன பண்ணுவீங்க?” இதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒரு வழி இருக்கிறது. `Quick replies` என்ற இடத்தில் பதிலை ஒருமுறை எழுதிச் சேமித்து, ஒரு குறுக்குச் சொல் கொடுத்துவிட்டால், உரையாடலில் சாய்கோட்டோடு அதைத் தட்டினால் போதும்:

```
/azhugai
```

அக்கா சேமித்த பதில்: “முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம் மட்டும் விடுங்க, நீங்களும் கூட இருங்க. அடுத்த மூன்று நாள் மதியம் வரைக்கும் விடலாம். அழுதா தூக்கி வெச்சுக்குவோம். அரை மணி நேரத்துக்கு மேல அழுகை நிக்கலைன்னா உங்களுக்குப் போன் பண்ணுவோம். வீட்டுல அவ கட்டிப் பிடிச்சுத் தூங்குற பழைய சேலைத் துணி இருந்தா குடுத்து விடுங்க.” வேலைக்குச் சேரும் தேதிக்கு முந்தைய நாள் குழந்தையைக் கொண்டுவந்தால் இது நடக்காது, ஒரு வாரம் முன்பே வர வேண்டும் என்பதையும் அந்தப் பதிலிலேயே சேர்த்திருக்கிறார்.

அறிவிப்பின் தலைப்பில் தேதி போட மறக்க வேண்டாம். பகிரப்பட்ட செய்தி வருடக்கணக்கில் சுற்றும். போன வருட நேரத்தையும் போன வருடக் கட்டணத்தையும் நம்பி ஒருவர் கைக்குழந்தையோடு வந்து நிற்பார். இடம் நிரம்பிய அன்றே “இடம் இல்லை, அடுத்த சேர்க்கை இன்ன மாதம்” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பெற்றோரும் அறிவிப்பைப் பார்த்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். அது இல்லை என்றால், போனில் மற்ற எதையும் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.